வாடகை ரசீது இருக்கிறது, ஒப்பந்தம் உயிரோடு இருக்கிறதா?

ஜனவரியில் ஆபீஸில் ஹெச்ஆர்ஏ ஆதாரம் கேட்கும்போது எல்லோரும் ரசீதைத்தான் தேடுகிறார்கள். கிளெய்ம் அடிபடுவது பெரும்பாலும் ஒப்பந்தத்தில்தான். நம் ஊர் ஒப்பந்தம் 11 மாதத்துக்குப் போடுவது. நிதியாண்டோ ஏப்ரல் முதல் மார்ச் வரை 12 மாதம். ஒரே ஒப்பந்தம் முழு ஆண்டையும் மூடவே மூடாது.

சென்னையில் அடிப்படைச் சம்பளம் 40,000, ஹெச்ஆர்ஏ 20,000, வாடகை 15,000 என்று வைத்துக்கொள்வோம். அகவிலைப்படி இல்லை, பழைய வரி முறை (புதிய முறையில் இந்தச் சலுகையே கிடையாது). ஆண்டு வாடகை 1,80,000. அதில் அடிப்படைச் சம்பளத்தின் 10 சதவீதமான 48,000 போக 1,32,000. வாங்கிய ஹெச்ஆர்ஏ 2,40,000, அடிப்படைச் சம்பளத்தில் பாதியும் 2,40,000. மூன்றில் குறைந்தது 1,32,000, அவ்வளவுக்கு வரி இல்லை.

இப்போது ஒப்பந்தம் 2024 ஜூன் 1 முதல் 2025 ஏப்ரல் 30 வரை என்றால்? 2025-26க்கு ஏப்ரல் ஒரு மாதம்தான் தேறும், அதாவது 11,000. மீதி 1,21,000 வருமானத்தில் சேரும். 20 சதவீத வரம்பில் இருப்பவருக்கு செஸ் சேர்த்து 25,168 ரூபாய், பிப்ரவரி, மார்ச் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள்.

பதற்றத்தில் பலர் பழைய தேதி போட்டு ஒப்பந்தம் எழுதுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். முத்திரைத்தாளில் அது விற்ற தேதி இருக்கும். மே மாத ஒப்பந்தம் ஜனவரியில் வாங்கிய தாளில் இருந்தால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். இன்றைய தேதியிலேயே கையெழுத்திட்டு, "2025 மே 1 முதல் மாதம் 15,000 ரூபாய் வாடகைக்குக் குடியிருப்பு தொடர்கிறது" என்று உண்மையை எழுதுங்கள். கூடவே மாதாமாதம் பணம் போன வங்கி ஸ்டேட்மென்டை வையுங்கள். வாடகை உயர்ந்திருந்தால் எந்த மாதத்திலிருந்து என்பதையும் எழுதுங்கள்.

அடுத்தது பெயர். வாடகை ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினால் ஓனரின் பான் எண் வேண்டும். ஒப்பந்தம் அம்மா பெயரில், பான் மகனுடையது, பணம் போனது மருமகள் கணக்குக்கு என்றால் ரசீது எவ்வளவு அழகாக இருந்தாலும் நிற்காது. ஒப்பந்தத்தில் இருப்பவரே ரசீதில் கையெழுத்திட வேண்டும், பானும் அவருடையதாக இருக்க வேண்டும். ரொக்கமாக 5,000க்கு மேல் கொடுத்தால் ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டுங்கள். அட்வான்ஸும் கரண்ட் பில்லும் வாடகைக் கணக்கில் வராது.

என்னைக் கேட்டால், ஒப்பந்தம் முடியும் தேதியை ஏப்ரலிலேயே பார்த்து ஊழியரிடம் சொல்வது அக்கவுன்ட்ஸ் பிரிவின் கடமை. ஜனவரியில் நிராகரிப்பது நியாயமே இல்லை. அப்படியே நிராகரித்தாலும், வாடகை உண்மையில் கொடுத்திருந்தால், கெடு தேதிக்குள் பழைய முறையில் ரிட்டர்ன் தாக்கல் செய்து இந்த விலக்கைக் கேட்கலாம், பிடித்த வரி ரீஃபண்டாக வரும். ஃபார்ம் 16-இல் உள்ள தொகையோடு அது ஒத்துப்போகாததால் வருமான வரித் துறை விளக்கம் கேட்கக்கூடும். ரசீது, ஒப்பந்தம், ஸ்டேட்மென்ட் மூன்றையும் பத்திரமாக வைத்திருங்கள்.