பட்டியலில் 42, விடுதியில் 43

(அரசு அலுவலர்களுக்கான 15 நாள் உறைவிடப் பயிற்சி. மூன்றாம் நாள், இரவு 9.40. ஆண்கள் விடுதியின் அலுவலக அறையில் ஒரு குழல்விளக்கு, அதைச் சுற்றி ஈசல், அதன் கீழே மூன்று பதிவேடுகள். கோவிந்தன் இருபது ஆண்டுகளாக விடுதிக் காப்பாளர். குமரேசன் உதவியாளராகச் சேர்ந்து நான்கு நாளாகிறது. அந்த நான்கு நாளும் அவனுக்குக் கூட்டல் நன்றாகத்தான் வந்தது.)

குமரேசன்: அண்ணா, இரவுக் கணக்கு முடிந்தது. 43 பேர். எல்லோரும் இருக்கிறார்கள்.

கோவிந்தன்: பெயர்ப் பட்டியலில் எத்தனை பேர்?

குமரேசன்: 42.

கோவிந்தன்: நல்லது. காலையில் ஆள் குறைந்தது, இரவில் குட்டி போட்டிருக்கிறது.

குமரேசன்: ஒன்று கூடுதலாக இருந்தால் நல்லதுதானே அண்ணா? குறைந்தால்தானே கேள்வி வரும்?

கோவிந்தன்: தம்பி, இது உண்டியல் இல்லை. வாயில் பதிவேட்டை எடு. அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு இன்று எத்தனை பேர் போனார்கள்?

குமரேசன்: இரண்டு பேர். பதிவு எண் 11, பதிவு எண் 30. பிற்பகல் 3.30க்கு வெளியே போயிருக்கிறார்கள். நாளைக் காலை வருவார்கள்.

கோவிந்தன்: அப்படியானால் 40 பேர்தான் இருக்க வேண்டும். நீ மூன்று பேரை எங்கிருந்தோ கொண்டுவந்திருக்கிறாய். எப்படி எண்ணினாய்?

குமரேசன்: வராந்தாவில் நடந்துகொண்டே ஜன்னல் வழியாக ஒன்று, இரண்டு, மூன்று என்று…

கோவிந்தன்: ஆட்டை எண்ணுவதுபோல.

குமரேசன்: ஆடு நின்ற இடத்தில் நிற்கும் அண்ணா. இவர்கள் நிற்கவில்லை. மூன்றாம் அறையில் இரண்டு பேரை எண்ணினேன். நான் ஐந்தாம் அறைக்கு வருவதற்குள் என்னைத் தாண்டிப் போனார்கள். எட்டாம் அறையில் கேரம் பலகைக்குப் பக்கத்தில் அவர்களைப் போலவே இரண்டு பேர்…

கோவிந்தன்: அவர்களைப் போலவே இல்லை, அவர்களேதான். இரண்டு கழிந்தது. தொலைக்காட்சி அறையில் பனியனோடு ஒருவர் உட்கார்ந்திருப்பாரே, அவரை எண்ணினாயா?

குமரேசன்: எண்ணினேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

கோவிந்தன்: அவர் நமக்குச் சாம்பார் ஊற்றுகிறவர். மூன்று. இப்போது 40. கணக்கு சரியாகிவிட்டது.

குமரேசன்: அப்பாடா! எழுதிவிடட்டுமா?

கோவிந்தன்: பேனாவை மூடு. கணக்கு சரியானால்தான் எனக்குப் பயம் வரும். எண்ணிக்கை சரியாக இருந்து ஆள் தவறாக இருப்பதைத்தான் கண்டுபிடிப்பது கஷ்டம். தூங்கிக்கொண்டிருந்தவர் எவராவது உண்டா?

குமரேசன்: ஒன்பதாம் அறையில் ஒருவர். பதிவு எண் 27. தலை முதல் கால் வரை போர்த்திக்கொண்டிருந்தார். பாவம், களைப்பு.

கோவிந்தன்: மே மாதத்தில், மின்விசிறி ஓடாத அறையில், தலை முதல் கால் வரை?

(இருவரும் போகிறார்கள். திரும்பி வரும்போது குமரேசன் கையில் ஒரு தலையணையும், சட்டைகள் திணித்த ஒரு பையும்.)

குமரேசன்: கால் பக்கம் பைதான் அண்ணா. முழங்கால் மடித்ததுபோலவே வைத்திருக்கிறார்.

கோவிந்தன்: ஆக 39 பேர். பட்டியல் 42, இருப்பு 39, அனுமதி 2, வராதவர் 1. கூட்டினால் 42 வர வேண்டும், வருகிறது. நோய், பணி என்று இன்னும் இரண்டு கட்டம் உண்டு. இன்று இரவு இரண்டிலும் ஆள் இல்லை, அதனால் அங்கே சுழி போடு. வெற்றிடமாக விட்டால் நாளை யாராவது அதில் குடியேறுவார்கள்.

குமரேசன்: ஒரு ஆளுக்காக இவ்வளவா அண்ணா?

கோவிந்தன்: இரவில் தீப்பிடித்தால் இந்தத் தாளை வைத்துத்தான் ஆளைத் தேடுவார்கள். ஒரு தலையணையைக் காப்பாற்ற ஒருவர் நெருப்புக்குள் போவார். நாளை முதல் 9 மணிக்கு எல்லோரும் அவரவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கட்டும். முடியும் வரை மாடிப்படியில் காவலர் நிற்கட்டும். நீ எண்ணாதே. ஒவ்வொரு பெயராகச் சொல், முகத்தைப் பார், பிறகு குறி போடு. எண்ணிக்கை கடைசியில் தானாக வரும்.

குமரேசன்: காலையில் நான் பெயர் சொல்லித்தானே கூப்பிட்டேன்? அதிலும் நீங்கள் குறை சொன்னீர்களே!

கோவிந்தன்: 6 மணி, அரை இருட்டு. நீ தலையைக் குனிந்து பதிவேட்டைப் பார்த்தபடியே பெயரைக் கூப்பிட்டாய். "உள்ளேன் ஐயா" என்று குரல் வந்ததும் குறி போட்டாய். பின்வரிசையில் ஒருவர் கட்டைக் குரலில் ஒன்று, கீச்சுக் குரலில் ஒன்று என்று இரண்டு பேராக இருந்தார். பெயர் சொன்னதும் தலையைத் தூக்கு. பதில் சொன்னவர் ஓர் அடி முன்னால் வரட்டும். குரலை மாற்றலாம், இரண்டு முறை முன்னால் வர முடியாது.

குமரேசன்: வகுப்பில் அந்தக் கவலை இல்லை அண்ணா. அங்கே கையெழுத்து. இதோ பாருங்கள், 3.45 வகுப்பு, 42 கையெழுத்து, ஒன்றுகூடக் குறையவில்லை.

(கோவிந்தன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்கிறார். இருபது ஆண்டில் இதற்காகவே மூன்று கண்ணாடி மாற்றியவர்.)

கோவிந்தன்: 11ம் 30ம் 3.30க்கு வாயிலைத் தாண்டிவிட்டார்கள் என்று நீதானே சொன்னாய்?

குமரேசன்: ஆமாம்.

கோவிந்தன்: 3.45க்கு எந்தக் கையால் கையெழுத்துப் போட்டார்கள்?

குமரேசன்: …

கோவிந்தன்: தாளை விளக்குக்கு நேராகப் பிடி. மற்றவர்களுக்குக் காலையில் ஒரு பேனா, மாலையில் ஒரு பேனா. மை மாறுகிறது, சாய்வு மாறுகிறது. இந்த இரண்டு வரிசையில் மட்டும் நான்கு கட்டத்திலும் ஒரே பச்சை மை, ஒரே அழுத்தம், ஒரே மூச்சு. தாளை எப்போது சுற்றுக்கு விட்டாய்?

குமரேசன்: காலை 9.30க்கு. நான்கு வகுப்புக்கும் ஒரே தாளில் நான்கு கட்டம் போட்டேன். காகிதம் மிச்சமாகுமே என்று…

கோவிந்தன்: அவர்கள் காலையிலேயே மாலை வகுப்பையும் முடித்துவிட்டார்கள். குற்றம் அவர்களுடையது மட்டுமில்லை. கட்டம் போட்டு அழைத்தவன் நீ. வகுப்புக்கு ஒரு தாள். தொடங்கிப் பத்து நிமிடம் கழித்துக் கொடு, சுற்றி வந்ததும் கையோடு வாங்கிவிடு. அப்போதே தலையை எண்ணு. காலிக் கட்டங்களில் சிவப்புக் கோடு இழு. "நாற்பது பேர் மட்டும்" என்று எழுத்தால் எழுதி, வகுப்பு எடுத்தவரிடம் கையெழுத்து வாங்கு. அந்தத் தாளைப் பார்த்துத்தான் நாம் வருகைச் சான்று கொடுப்போம், அதை வைத்துத்தான் அவர்கள் ஊரில் பயணப்படி கேட்பார்கள்.

குமரேசன்: இப்போது 27ஐ என்ன செய்வது?

கோவிந்தன்: தொலைபேசியில் கூப்பிடு. ஒலிபெருக்கியில் போடு.

(மணி அடிக்கிறது. மறுமுனையில் எடுக்கிறார்கள்.)

குமரேசன்: பதிவு எண் 27?

குரல்: உள்ளேன் ஐயா!

(பின்னணியில் இன்னொரு குரல்: "திண்டிவனம் இறங்குகிறவர்கள் முன்னால் வாருங்கள்!")

குமரேசன்: முன்னாலும் வரச் சொல்கிறார்கள் அண்ணா. நான் குறி போடவா?

கோவிந்தன்: வராதவர் கட்டத்தில் போடு. நேரம் 9.58 என்று எழுது. காலையில் பயிற்சி நிலைய முதல்வரிடம் போகும்போது அந்தத் தலையணையையும் எடுத்துக்கொண்டு வா.

குமரேசன்: அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

கோவிந்தன்: பணி.