ஹார்லிக்ஸ் கம்பெனியா, பிராண்டா?

“ஹார்லிக்ஸ் ஒரு கம்பெனி, பூஸ்ட் அதன் பிராண்ட். அப்படியே எழுதுங்கள்.”

பொருள், பிராண்ட், கம்பெனி மூன்றையும் ஹார்லிக்ஸை வைத்து வேறுபடுத்தும் கேள்விக்கு ஒருவர் தந்த பதில் இது. தேர்வில் இப்படி எழுத வேண்டாம், நண்பர்களே. இரண்டுமே பிராண்டுகள். பொருள் என்பது டப்பாவுக்குள் இருக்கும் மால்ட் பானப் பொடி. இந்தியாவில் இப்போது கம்பெனி இந்துஸ்தான் யூனிலீவர்.

இன்னொருவர் கம்பெனி ஜி.எஸ்.கே., அதாவது கிளாக்ஸோ ஸ்மித்க்ளைன் என்றார். அது பழைய பதில். ஜி.எஸ்.கே.யின் இந்திய நுகர்வோர் நிறுவனம் 2020 ஏப்ரலில் இந்துஸ்தான் யூனிலீவருடன் இணைந்தது. பெயர் அப்படியே இருக்க, உரிமையாளர்தான் மாறினார். பிரிட்டனில் 2017-லேயே இதே பெயர் ஐமியா ஃபுட்ஸ் என்ற வேறொரு கம்பெனியின் கைக்குப் போனது. இதை உதாரணமாக எழுதினால் பிராண்ட் வேறு, கம்பெனி வேறு என்பது தெளிவாகிவிடும்.

வீட்டு டப்பாவின் பின்புறம் பாருங்கள். முன்னால் பெரிதாக இருப்பது பிராண்ட். பின்னால் சிறிய எழுத்தில் முகவரியோடு இருப்பது கம்பெனி. தன் அப்பா கடையில் சில சரக்குகளுக்கு இரண்டு கம்பெனிப் பெயர்கள் இருப்பதாக ஒரு தம்பி சொன்னார். அது நடக்கும்: தயாரிப்பவர் ஒருவர், சந்தைப்படுத்துபவர் இன்னொருவர். எனவே இரண்டு வரிகளையும் படியுங்கள்.

விமன்ஸ் ஹார்லிக்ஸைத் தனி பிராண்டாக எண்ணலாமா என்ற கேள்விக்கு, உங்கள் ஆசிரியர் எந்த வகைப்பாட்டைப் பின்பற்றுகிறார் என்று அவரிடமே கேளுங்கள்.