உங்கள் கிராமத்துக்கு இழப்பு பூஜ்யமா? அந்த நாலு சதுரத்தைக் கேளுங்கள்

போன சம்பாவில் கதிர் முற்றிச் சாயும் நேரத்தில் நாலு நாள் விடாமல் மழை. எங்கள் மாமாவுக்கு மூணு ஏக்கர். அதில் ரெண்டு ஏக்கர் பள்ளக்கால் வயல். தண்ணி வடிந்தபோது நெல் தாளிலேயே முளைத்திருந்தது. கையில் உருவினால் பச்சை முளைதான் வந்தது. பயிர்க் காப்பீட்டுப் பட்டியல் வந்தபோது எங்கள் கிராமத்துக்கு நேராக ஒரே ஒரு எண்: 0.

மாமா என்ன செய்தார் தெரியுமா? ஊரில் எல்லாரும் செய்வதைத்தான். முளைத்த நெல்லை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, போனில் எடுத்த நாற்பது போட்டோவோடு வேளாண்மை அலுவலகத்துக்குப் போனார். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் சொன்னார். "அய்யா, உங்க வயல் போனது உண்மை. ஆனா கணக்கு உங்க வயலுக்கு இல்ல, கிராமத்துக்கு."

கோபப்படாமல் கேட்டால் அந்த மனிதர் சொன்னதுதான் திட்டம். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் நெல்லுக்குத் தனி வயல் பார்ப்பது அபூர்வம். ஒரு கிராமத்தில் சில வயல்களில் அறுவடைச் சோதனை நடத்துவார்கள். அதில் வரும் சராசரியை அந்தக் கிராமத்தின் உத்தரவாத மகசூலோடு ஒப்பிடுவார்கள். குறைந்தால் எல்லாருக்கும் பணம், குறையாவிட்டால் யாருக்கும் இல்லை. ஆகவே உங்கள் வயல் போட்டோவைத் தூக்கிக்கொண்டு அலைந்து பயனில்லை. சண்டை போட வேண்டியது அந்தச் சராசரியோடு. இந்த ஒரு விஷயம் எங்களுக்குப் புரிய ரெண்டு மாசம் ஆனது.

கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

உத்தரவாத மகசூல் என்பது கடந்த 7 வருடத்தில் நல்லா விளைந்த 5 வருடத்தின் சராசரியை எடுத்து, அதை இழப்பீட்டு அளவு என்ற சதவீதத்தால் குறைத்து வருவது. எங்கள் கிராமத்துக்குச் சராசரி ஹெக்டேருக்கு 4,500 கிலோ, இழப்பீட்டு அளவு 80 சதவீதம். ஆக 3,600 கிலோ. இந்த எண் பருவத்துக்கு முன்னாடியே அரசு அறிவிக்கையில் வந்துவிடும், பின்னாடி யாரும் மாற்ற முடியாது.

அடுத்தது உண்மை மகசூல். கிராமத்தில் நாலு சர்வே எண்ணைக் குலுக்கல் மாதிரி எண் அட்டவணை வைத்துத் தேர்ந்தெடுப்பார்கள். ஒவ்வொன்றிலும் 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் கட்டி, அதுக்குள் இருப்பதை மட்டும் அறுத்து, அடித்து, எடை போட்டு, காய வைத்து மறுபடி எடை போடுவார்கள். அந்தச் சதுரம் 25 சதுர மீட்டர். அதை 400-ஆல் பெருக்கினால் ஒரு ஹெக்டேர். அதாவது அந்தச் சதுரத்தில் ஒரு கிலோ நெல் கூடினால் கணக்கில் ஹெக்டேருக்கு 400 கிலோ கூடும். ஒரு சாண் கயிறு தள்ளிக் கட்டினாலும், ஈர எடையைக் காய்ந்த எடையாக எழுதினாலும் முடிவு மாறிவிடும்.

எங்கள் கிராமத்தின் நாலு சதுரத்தில் வந்த காய்ந்த எடை: 10.4, 10.1, 8.6, 7.7 கிலோ. சராசரி 9.2. பெருக்கினால் 3,680. உத்தரவாதத்தைவிட 80 கிலோ அதிகம். இழப்பு பூஜ்யம். கதை முடிந்தது.

இந்த நாலு எடையும் தானாக எங்கள் கைக்கு வரவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மாவட்டப் புள்ளியியல் அலுவலகத்துக்கும் வேளாண் இணை இயக்குநர் அலுவலகத்துக்கும் தனித்தனியாக மனு போட்டோம். காப்பீட்டு நிறுவனம் தனியாராக இருந்தாலும் பரவாயில்லை, சோதனைப் படிவங்கள் அரசிடம்தான் இருக்கும். "ஏன் எங்களுக்குப் பணம் தரவில்லை" என்று கேட்டால் ஒரு பதிலும் வராது, அது தகவல் கேட்பதில்லை. நாங்கள் கேட்டது: எங்கள் வருவாய்க் கிராமத்தில் இந்தப் பருவத்தில் நடந்த ஒவ்வொரு அறுவடைச் சோதனைக்கும் முதலில் தேர்வான சர்வே எண், சோதனை நடந்த சர்வே எண், தேதி, ஈர எடை, காய்ந்த எடை, குறிப்புக் கலத்தில் எழுதியது, செயலியில் ஏற்றிய படங்கள், காப்பீட்டு நிறுவனப் பிரதிநிதி வந்து கையெழுத்துப் போட்டாரா என்பது. எல்லாவற்றுக்கும் படிவ நகல். 30 நாளில் பதில் தர வேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. எங்களுக்கு மேல்முறையீட்டுக்குப் பிறகுதான் வந்தது.

நகலைப் பார்த்தபோது மாமாதான் முதலில் கண்டுபிடித்தார். எனக்கு அது வெறும் எண். அவருக்கு அது வயல். "முதல் சதுரம் தேர்வானது வாய்க்கால் ஓரத்துப் பள்ளம். அறுத்தது மேட்டுல, போர் போட்டவங்க கொல்லை." 10.4 கிலோ வந்த வயல் தேர்வான வயலே இல்லை. குறிப்பில் எழுதியிருந்தது இரண்டே வார்த்தை: பயிர் சேதம்.

இதை நிதானமாகப் படியுங்கள். தேர்வான வயலில் பயிர் சேதமாகிவிட்டதால், சேதமாகாத வயலைத் தேடிப் போய் அறுத்திருக்கிறார்கள்! சேதத்தை அளக்க நடத்தும் சோதனையில் சேதமான வயலை விலக்கினால் பிறகு எதை அளக்கிறார்கள்? பயிர் மோசம் என்பதாலோ அழிந்துவிட்டது என்பதாலோ தேர்வான வயலைக் கைவிடக் கூடாது, விளைச்சல் இல்லை என்றால் இல்லை என்றே பதிய வேண்டும் என்பதுதான் இந்தச் சோதனையின் அடிப்படை விதி. வேறு பயிர் வைத்திருந்தால், தரிசாகக் கிடந்தால் மாற்றலாம். வெள்ளத்தில் போனதற்கு மாற்றக் கூடாது. அந்த ஊழியர் கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று நான் சொல்லமாட்டேன். முழங்கால் சேற்றில் கயிறு கட்ட யாருக்குப் பிடிக்கும்? ஆனால் அவர் சேற்றில் இறங்காததுக்கு விலை கொடுத்தது ஒரு கிராமம்.

விலை எவ்வளவு என்று பாருங்கள். அந்த முதல் சதுரத்தைப் பூஜ்யம் என்று வைத்தால் மிச்சம் மூன்றின் கூட்டல் 26.4. நாலால் வகுத்தால் 6.6 கிலோ, ஹெக்டேருக்கு 2,640. உத்தரவாதத்தைவிட 960 கிலோ குறைவு, அதாவது 26.67 சதவீதம். காப்பீட்டுத் தொகை ஏக்கருக்கு 36,500 ரூபாய். இழப்பீடு ஏக்கருக்கு 9,733 ரூபாய். மாமா கட்டிய பிரீமியம் 1.5 சதவீதம், ஏக்கருக்கு 547 ரூபாய் 50 காசு. மூணு ஏக்கருக்கு 29,200 ரூபாய் வந்திருக்க வேண்டியது, ஒரு வயலை மாற்றியதில் பூஜ்யமானது.

ஆனால் தேர்வான வயலில் பயிர் அழிந்தது என்று இப்போது எப்படி நிரூபிப்பது? அறுத்தாயிற்று, உழுதாயிற்று. எங்களுக்குக் கைகொடுத்தது வெள்ள நிவாரணப் பட்டியல். 33 சதவீதத்துக்கு மேல் சேதமான வயல்களை வருவாய்த் துறையும் வேளாண் துறையும் சேர்ந்து சர்வே எண் வாரியாக எடுத்த பட்டியல் அது. அதில் இந்தச் சர்வே எண் இருந்தது. ஒரே அரசு, ஒரே பருவம், ஒரே வயல்: ஒரு பட்டியலில் சேதம், இன்னொன்றில் கணக்கிலேயே இல்லை. இதைத்தான் மனுவில் முதல் பத்தியாக வைத்தோம். ஒன்று சொல்லிவிடுகிறேன், நிவாரணம் வந்ததாலேயே காப்பீடும் வரணும் என்று வாதாடாதீர்கள், அது நிற்காது. ரெண்டும் வேற வேற. நிவாரணப் பட்டியலை ஒரு குறிப்பிட்ட சர்வே எண்ணுக்குச் சாட்சியாக மட்டும் பயன்படுத்துங்கள்.

மனு போக வேண்டிய இடம் ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குறைதீர்க்கும் குழு. இதை விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்தோடு குழப்பிக்கொள்வார்கள். கூட்டத்தில் எழுந்து பேசலாம், மைக்கும் தருவார்கள், ஆனால் பேச்சு மனு ஆகாது. "பயிர்க் காப்பீட்டு மாவட்டக் குறைதீர்க்கும் குழு" என்று பெயர் எழுதி, மனு கொடுத்து, முத்திரை போட்ட ஒப்புகை வாங்குங்கள். 14447 என்ற எண்ணில் புகார் பதிந்து அந்தப் புகார் எண்ணையும் மனுவில் எழுதுங்கள். தனியாளாகக் கொடுப்பதைவிட அதே கிராமத்தில் பிரீமியம் கட்டிய பத்துப் பேர் விண்ணப்ப எண்ணோடு கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். மாறப் போவது கிராமத்தின் எண், அதனால் மனுவும் கிராமத்தின் மனுவாக இருக்கட்டும். குழு மறுத்தால் மாநிலக் குழு இருக்கிறது.

உங்கள் பட்டியலில் இருக்கும் மகசூல் நாலு எடையின் சராசரியோடு ஒத்துப்போகவில்லை என்றால் இன்னொரு காரணமும் இருக்கலாம். 2023 காரிஃப் பருவம் முதல் நெல்லிலும் கோதுமையிலும் செயற்கைக்கோள் வழி மகசூல் மதிப்பீட்டுக்கும் குறைந்தது 30 சதவீதப் பங்கு கொடுக்கும் முறை வந்திருக்கிறது. ரெண்டு எண்ணையும் பிரித்துக் கேளுங்கள். எங்களுக்கு அறுவடைச் சோதனை சராசரியே இறுதி எண்ணாக இருந்ததால் கணக்கு சுலபம்.

பக்கத்துக் கிராமத்துக்குப் பணம் வந்து, உங்கள் கிராமத்திலும் வந்து, உங்களுக்கு மட்டும் வரவில்லையா? அது வேறு நோய். பெரும்பாலும் வங்கியிலோ சங்கத்திலோ பொது சேவை மையத்திலோ கிராமப் பெயரைத் தப்பாகப் பதிந்திருப்பார்கள், இல்லை சர்வே எண், இல்லை பயிர். பிரீமியம் கட்டிய அன்றே ரசீதில் கிராமப் பெயரைப் படித்துப் பாருங்கள். பதிந்தவர்களின் தவறால் இழப்பீடு போனால் பொறுப்பு அவர்களுடையது என்று திட்டத்தின் விதிமுறையே சொல்கிறது. இந்த மாதிரி வழக்குக்கு நுகர்வோர் ஆணையம் நல்ல இடம். ரெண்டு வருடத்துக்குள் போக வேண்டும், பிரீமியத் தொகை சிறியது என்பதால் வழக்குக் கட்டணமும் கிடையாது. மகசூல் கணக்குச் சண்டைக்கு அங்கே போவது எனக்கு அவ்வளவு நம்பிக்கையான வழியாகத் தெரியவில்லை.

"72 மணி நேரத்துல சொல்லலையே" என்று சில இடங்களில் தட்டிக் கழிப்பார்கள். அந்த 72 மணி நேரம் ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு மாதிரி தனி வயல் சேதத்துக்கும், அறுத்துக் களத்திலோ வயலிலோ காயப்போட்ட பயிர் 14 நாளுக்குள் மழையில் போனால் அதுக்கும்தான். நின்ற நெல் மூழ்கியதை இந்தத் தனி வயல் கணக்கிலிருந்து 2018-ல் எடுத்துவிட்டார்கள். 2026 காரிஃப் முதல் மறுபடி சேர்ப்பதாக 2025 நவம்பரில் அறிவிப்பு வந்திருக்கிறது. கிராம மகசூல் அடிப்படையிலான இழப்பீட்டுக்கு யாரும் போன் போட்டுச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அதைக் காரணமாகக் காட்டினால் எழுத்தில் கேளுங்கள்.

எங்கள் மனு குழுவில் இருக்கிறது. ஒரு கூட்டம் முடிந்து, சோதனை நடத்தியவரின் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். பணம் வந்தால் சொல்கிறேன்.

இந்த வருடம் நாலு சதுரத்துக்குத் தேர்வான சர்வே எண்களை மாமா அறுவடைக்கு மூணு வாரம் முன்னாடியே எழுதி வாங்கிவிட்டார். சோதனை அன்று காலையில் முதல் ஆளாக அந்தப் பள்ளக்கால் வரப்பில் நின்றார். கையில் சொந்தமாக ஒரு தராசு. கயிறு பிடிக்க ஆள் இல்லை என்று ஊழியர் தயங்கியபோது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி, ஒரு முனையை அவரே பிடித்துக்கொண்டார்.