9 சதவீத வட்டியும் கரைந்த சேமிப்பும்

"2012-இல் வைப்புக்கு 9 சதவீதம் தந்தார்கள், பணம் வளர்ந்தது, 2017-இல் 6.5 சதவீதம் ஆனதும் சேமிப்பு கரைந்துவிட்டது."

இந்த உரையாடலில் இப்படி எழுதிய ஐயா, நடந்தது இதற்கு நேர்மாறு. 2012-13 நிதியாண்டில் நாட்டின் சில்லறை விலைவாசி சராசரியாகச் சுமார் 10 சதவீதம் உயர்ந்ததால், கோத்தகிரியில் ஒருவர் 9 சதவீதத்தில் இட்ட 1,00,000 ரூபாய் ஓராண்டில் 1,09,000 ஆனாலும், முன்பு அந்த 1,00,000 ரூபாய்க்குக் கிடைத்த அதே பொருள்களுக்கு 1,10,000 தேவைப்பட்டிருக்கும். 2017-18-இல் விலையேற்றம் சுமார் 3.6 சதவீதமே; 6.5 சதவீத வட்டியில் 1,06,500 பெற்றவர் அதே பொருள்களை 1,03,600-க்கு வாங்கி, மீதியும் வைத்திருப்பார்.

வட்டியிலிருந்து விலையேற்றத்தைக் கழித்தாலே போதும் என்று இதே உரையாடலில் தம்பி ஒருவர் எழுதியது பாதி சரி. வருமான வரியை அவர் விட்டுவிட்டார். 20 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு 9,000 ரூபாய் வட்டியில் 1,800 போய், கையில் 1,07,200 மட்டுமே நிற்கும். பள்ளம் இன்னும் ஆழமாகிறது.

குன்னூர் அக்கா தம் வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் 3.6 சதவீதத்தைவிட மிகுதியாக ஏறியதாகச் சொல்வதை நான் மறுக்கவில்லை. நாட்டுச் சராசரி அவருடைய செலவுப் பட்டியல் அன்று. அவருக்கு 2017-உம் இழப்பாக இருந்திருக்கலாம். வரவு செலவைக் குறித்து வைத்திருந்தால் இங்கே பதிவிடுங்கள் அக்கா, கணக்கிட்டுப் பார்ப்போம்.