ஐம்பதா, தொண்ணூறா: கட்ஆஃபைப் பள்ளி எப்படி முடிவு செய்ய வேண்டும்?

மாணவரின் கட்டுரை ஏஐ எழுதியதா என்று சோதிக்கும் மென்பொருளில் மதிப்பெண் 50-ஐத் தாண்டினால் அந்தக் கட்டுரைக்குப் பூஜ்யம் என்று ஒரு பள்ளி முடிவெடுத்திருப்பதாக ஆசிரிய நண்பர் ஒருவர் சொன்னார். ஏன் 50 என்று கேட்டேன். பாதிக்கு மேல் என்பதால்தான் என்றார். புள்ளியியல் கற்பிப்பவன் என்ற முறையில் அந்தப் பதில் என்னை மிகவும் வருத்தியது. பல கருவிகளில் அந்த எண் மாணவர் ஏமாற்றியதற்கான நிகழ்தகவே அல்ல. கட்டுரையில் எத்தனை சதவீதம் ஏஐ எழுதியதுபோல் தெரிகிறது என்ற கணிப்பு மட்டுமே.

ஒரு கட்ஆஃபை எடைபோட இரண்டு அளவுகள் வேண்டும். சொந்தமாக எழுதியவர்களில் எத்தனை பேர் தவறாக மாட்டுகிறார்கள் என்பது ஃபால்ஸ் பாசிட்டிவ் விகிதம். ஏஐயை வைத்து எழுதியவர்களில் எத்தனை பேர் பிடிபடுகிறார்கள் என்பது ரீகால். கட்ஆஃபை உயர்த்தினால் இரண்டும் சேர்ந்தே குறையும் என்பதால், ஒன்றை மட்டும் சொல்லிக் கருவியைப் புகழ்வதில் பொருளில்லை. ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் வெளியிட்ட கருவி, அந்நிறுவனம் தந்த கணக்கின்படியே, ஏஐ எழுதியவற்றில் 26 சதவீதத்தைத்தான் சரியாகக் காட்டியது. மனிதர் எழுதியவற்றில் 9 சதவீதத்தையும் ஏஐ என்றது. துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் அதைத் திரும்பப் பெற்றார்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 1000 கட்டுரைகள் வருகின்றன, அவற்றில் 100 ஏஐ எழுதியவை என்று வைத்துக்கொள்வோம். கட்ஆஃப் 50-இல் ரீகால் 80 சதவீதம், ஃபால்ஸ் பாசிட்டிவ் 5 சதவீதம் என்றால், 80 பேர் சரியாகப் பிடிபடும்போது, சொந்தமாக எழுதிய 900 பேரில் 45 பேரும் சேர்ந்து மாட்டுவார்கள். அதாவது மாட்டிய 125 பேரில் மூன்றில் ஒருவருக்கு மேல் குற்றமற்றவர். கட்ஆஃபை 90-க்கு ஏற்றியதும் ரீகால் 50 சதவீதமாகவும் ஃபால்ஸ் பாசிட்டிவ் 1 சதவீதமாகவும் இறங்கினால், 59 பேர் மாட்டுவார்கள். அவர்களில் 9 பேர் குற்றமற்றவர்கள்.

ஆனால் அந்தப் பள்ளியில் ஏமாற்றியவர்கள் 100 பேர் அல்ல, 20 பேர்தான் என்றால் என்ன ஆகும்? அதே 90-இல் 10 பேர் சரியாகப் பிடிபடுவார்கள், ஏறத்தாழ 10 பேர் வீணாக மாட்டுவார்கள். கருவியும் கட்ஆஃபும் மாறவில்லை. நேர்மையானவர்கள் கூடியதால் குற்றச்சாட்டின் நம்பகம் சுமார் 85 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக இறங்கிவிட்டது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2023-இல் டர்னிட்டின் மென்பொருளின் ஏஐ கண்டறியும் வசதியை நிறுத்தியபோது சொன்ன காரணங்களில் இத்தகைய கணக்கும் ஒன்று: 2022-இல் அங்கே சமர்ப்பிக்கப்பட்டவை 75,000 தாள்கள், 1 சதவீதம் தவறினாலே சுமார் 750 மாணவர்கள்மீது பழி விழுந்திருக்கும்.

எனவே விற்பவர் தரும் சதவீதத்தை நம்பாமல், பள்ளி தன் மாணவர்களை வைத்தே அளக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான பொருள் பள்ளியிடமே இருக்கிறது. சாட்ஜிபிடி வெளியானது 2022 நவம்பர் 30 அன்று. அதற்கு முன் மாணவர்கள் தட்டச்சு செய்து கொடுத்த கட்டுரைகளைப் பெயர் நீக்கிக் கருவியில் ஏற்றி, மதிப்பெண்களை உயர்ந்ததிலிருந்து வரிசைப்படுத்துங்கள். உச்சியில் வருபவற்றைத் திறந்து படித்தால், மனப்பாடத் தொடர்களும் எளிய சொற்களும் நிறைந்த கட்டுரைகள் பல அங்கே இருக்கக்கூடும், ஏனெனில் எளிதில் ஊகிக்க முடிகிற சொல்வரிசையை ஏஐயின் அடையாளமாகப் பல கருவிகள் எடுத்துக்கொள்கின்றன. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பவர்களுக்கு இதனால் நேரும் பாதிப்பு சிறியதல்ல. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023-இல் டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வின் 91 கட்டுரைகளை ஏழு கருவிகளில் சோதித்தபோது, தவறாக ஏஐ என்று காட்டப்பட்டவை சராசரியாக 61 சதவீதம். ஆகவே அத்தகைய மாணவர்களின் கட்டுரைகளைத் தனிக் குவியலாக அளந்து, இரண்டு குவியல்களில் எதில் தவறு அதிகமோ அதை வைத்தே கட்ஆஃபை முடிவு செய்ய வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நூறு பழைய கட்டுரைகளில் ஒன்றுகூட மாட்டவில்லை என்பதால் தவறே நேராது என்று ஆகிவிடாது. உண்மையான விகிதம் 3 சதவீதம் வரைகூட இருக்கலாம் என்பதே அதன் பொருள். ஒரு சதவீதத்துக்குக் கீழ் என்று ஓரளவு உறுதியாகச் சொல்லவே, ஒரு தவறும் இல்லாத 300 கட்டுரைகள் தேவை. ரீகாலை அளப்பதிலும் ஒரு வழுக்கல் உண்டு. ஏஐ தந்ததை அப்படியே ஏற்றிப் பார்த்தால் எண் அழகாக வரும். மாணவர்களோ நாலு வரியை மாற்றி, இடையில் சொந்தமாக இரண்டு பத்தி சேர்த்துத்தான் கொடுப்பார்கள். அப்படித் திருத்தியவற்றைச் சோதித்தால்தான் உண்மையான ரீகால் தெரியும். அது பெரும்பாலும் இறங்கும்.

இத்தனைக்குப் பிறகு கிடைக்கும் கட்ஆஃபும், மாணவரை அழைத்து அவருடைய வரைவுகளைக் காட்டச் சொல்வதற்கு மட்டுமே போதுமானது, பூஜ்யம் போடுவதற்கு அல்ல. ஆண்டுக்கு எத்தனை குற்றமற்ற மாணவர்களை அப்படி அழைக்கலாம் என்ற எண்ணிக்கையைப் பெற்றோரையும் வைத்துக்கொண்டு முதலில் முடிவு செய்து, அதிலிருந்து கட்ஆஃபுக்கு வர வேண்டும். கருவி புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அதே பழைய கட்டுரைகளை மீண்டும் ஏற்றி அளக்க வேண்டும், ஏனெனில் போன ஆண்டின் 90-உம் இந்த ஆண்டின் 90-உம் ஒன்றாக இருக்கும் என்று யாரும் உறுதி கொடுப்பதில்லை.