ஊசி போடாத டாக்டருக்கு ஒரு நட்சத்திரம்

என் தங்கை போன மாதம்தான் தாம்பரம் பக்கம் வீடு மாறினாள். இரண்டாவது வாரமே அவளுடைய நாலு வயது மகளுக்குக் காய்ச்சல். "அக்கா, இங்கே குழந்தை டாக்டர் ரெண்டு பேர் இருக்காங்க. ஒருத்தருக்கு 4.8, இன்னொருத்தருக்கு 3.9. 4.8-க்கே போயிடட்டுமா?" என்று போனில் கேட்டாள். கொஞ்சம் பொறு என்று சொல்லிவிட்டு, கூகுள் மேப்பில் இரண்டு பேரைப் பற்றியும் மக்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். படித்ததும் 3.9-க்குப் போகச் சொன்னேன்.

முதலில் 4.8. அதில் பாதிக்கு மேல் "நல்ல டாக்டர்", "சூப்பர் ட்ரீட்மெண்ட்" என்று இரண்டு சொல்லோடு முடிந்தன. புதியவை முதலில் வரும்படி வரிசையை மாற்றிப் பார்த்தால், அவற்றில் பலவும் ஒரே வாரத்தில் வந்தவை. எழுதியவர்களின் பெயரைத் தொட்டால், வாழ்நாளில் அந்த ஒரு கருத்து மட்டும்தான் எழுதியிருக்கிறார்கள். அவற்றை ஒதுக்கிவிட்டு, நடந்ததைச் சொன்னவர்களை மட்டும் படித்தேன். "ஒரே ஊசி, ராத்திரிக்குள் காய்ச்சல் போச்சு." "மாத்திரையும் அங்கேயே பொட்டலமாகக் கொடுத்துவிடுவார், மருந்துக் கடைக்கு அலைய வேண்டாம்." இவர்கள் பொய் சொல்லவில்லை, மனதாரப் பாராட்டித்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் எனக்குப் பயம் வந்ததே அந்தப் பாராட்டைப் படித்துத்தான்.

குழந்தைகளுக்கு வரும் காய்ச்சலில் பெரும்பாலானவை வைரஸ் காய்ச்சல். சில நாட்களில் தானாக இறங்கிவிடும், ஆன்டிபயாடிக் அதற்கு ஒன்றும் செய்யாது. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மருந்தையோ ஸ்டீராய்டையோ ஊசியில் ஏற்றினால் காய்ச்சல் சட்டென்று இறங்கும், வீட்டில் இருப்பவர்களுக்கும் நிம்மதியாக இருக்கும். ஆனால் அது டெங்குவாக இருந்தால் டைக்ளோஃபெனாக் ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும். அதைவிட முக்கியம், டெங்குவில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் தொடங்குகிறது. "ராத்திரிக்குள் சரியாச்சு" என்று அன்றைக்கே ஐந்து நட்சத்திரம் போட்டவருக்கு அடுத்த இரண்டு நாள் எப்படிப் போனது என்று அதில் இருக்காது. பொட்டலத்தில் வரும் மாத்திரைக்குப் பெயரும் கிடையாது. நாளைக்கு உடம்பில் தடிப்பு வந்தால் அடுத்த டாக்டரிடம் எதைக் காட்டுவது?

சரி, 3.9-க்கு வருகிறேன். அங்கே ஒரு நட்சத்திரம் போட்டவர்களின் குறை இரண்டே விதம். ஒன்று, இரண்டு மணி நேரம் காக்க வைக்கிறார்கள், டோக்கன் கொடுக்கும் பெண் எரிந்து விழுகிறார். வேறு வேறு மாதங்களில் வேறு வேறு ஆட்கள் இதையே எழுதியிருந்ததால் உண்மை என்றே எடுத்துக்கொண்டேன். அது தாங்கக்கூடிய தொல்லை. இன்னொன்று, "300 ரூபாய் வாங்கிக்கொண்டு பாரசிட்டமால் மட்டும் எழுதினார், ஊசி போடச் சொன்னால் தேவையில்லை என்கிறார், மூன்று நாள் பார்க்கலாம் என்கிறார்." இதை எழுதியவர் கோபத்தில் எழுதியிருக்கிறார். நான் அதை சிபாரிசாகப் படித்தேன்.

டாக்டரின் பதில்களையும் பார்த்தேன். 4.8-காரர், குறை சொன்ன ஒரு தாய்க்கு அவர் குழந்தைக்கு என்ன நோய் என்பதையும் சேர்த்துப் பொதுவில் பதில் எழுதியிருந்தார். நோயாளியின் விஷயத்தை ஊரறியச் சொல்பவரிடம் நான் போக மாட்டேன். 3.9-காரர் யாருக்கும் பதில் எழுதவில்லை.

கருத்துகளைப் படித்துப் படிப்பையும் பதிவையும் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் இந்திய மருத்துவப் பதிவேடு இருக்கிறது, பெயரையோ பதிவு எண்ணையோ போட்டுத் தேடலாம். பெயர் கிடைக்காவிட்டால் உடனே போலி என்று முடிவு கட்டிவிடக் கூடாது, எழுத்து மாறியிருக்கலாம். மருந்துச் சீட்டில் பதிவு எண் இருக்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளே சொல்கின்றன, அந்த எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். 3.9-காரரின் பெயர் குழந்தை மருத்துவப் படிப்போடு அதில் இருந்தது.

காத்திருப்பு ஒன்றே முக்கால் மணி நேரம். டோக்கன் பெண் தங்கையிடமும் எரிந்து விழுந்தாராம். ஆனால் டாக்டர் முதலில் குழந்தையை எடை பார்த்திருக்கிறார், 14 கிலோ. 5 மில்லியில் 250 மில்லிகிராம் இருக்கும் பாரசிட்டமால் சிரப்பை, ஒரு வேளைக்கு 4 மில்லி என்று அந்த எடைக்குக் கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார். விடாமல் வாந்தி, வயிற்று வலி, சிறுநீர் குறைவது, காய்ச்சல் விட்ட பிறகும் குழந்தை துவண்டு கிடப்பது, இதில் எது வந்தாலும் ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள் என்று சீட்டின் பின்பக்கம் தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

நாலாம் நாள் குழந்தை எழுந்து இட்லி கேட்டது. தங்கையை உட்கார வைத்து, இதையெல்லாம் எடை, மில்லி, காத்திருந்த நேரம் உட்பட அப்படியே அந்த டாக்டரின் பக்கத்தில் எழுத வைத்தேன். டோக்கன் பெண்ணைப் பற்றிய வரியையும் எடுக்க விடவில்லை.