அழி என்றால் அழிய வேண்டாமா?

போன் பேசிய தடத்தை அழிக்க ஒரே பட்டன் போதும் என்று எவனோ கிளப்பிவிட்டிருக்கிறான். அவன் கையில் கிடைத்தால் கோபிசெட்டிபாளையத்திலிருந்து சத்தியமங்கலம் வரைக்கும் நடக்க விட்டுவிடுவேன்.

எங்கள் தெரு அக்கா ஒருவரின் மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். பாரியூர் குண்டம் திருவிழாவுக்கு அப்பாவுக்குச் சொல்லாமல் வந்து நிற்க வேண்டும் என்று அம்மாவும் மகளும் வாட்ஸ்அப் வீடியோ காலில் ரகசியமாகத் திட்டம் போட்டார்கள். அக்கா விவரமானவர். பேசி முடித்ததும் Calls பக்கத்துக்குப் போய், மூன்று புள்ளியைத் தொட்டு, Clear call log கொடுத்துவிட்டார். பட்டியல் சுத்தம். மறுநாள் அக்காவின் வீட்டுக்காரர், மகளுக்குக் கன்றுக்குட்டி படம் அனுப்பலாமென்று அதே போனை எடுத்து, மகளின் சாட்டைத் திறந்தார். வீடியோ கால், 42 நிமிடம் என்று நடுவில் உட்கார்ந்திருக்கிறது!

"ஏம்புள்ள, பாப்பாகூட ராத்திரி அத்தனை நேரம் என்ன பேச்சு?"

"ஒண்ணுமில்லீங்க, சும்மாதானுங்க..."

அவ்வளவுதான், குட்டு உடைந்தது.

Calls பக்கத்தில் அழித்தால் அந்தப் பட்டியல் மட்டும்தான் போகும். சாட்டுக்குள் கிடக்கும் கால் குறிப்பு அப்படியே இருக்கும். அதைத் தனியாக அழுத்திப் பிடித்து நீக்க வேண்டும். அதுவும் நம் பக்கம் மட்டும்தான். மகளின் போனில் அவள் குறிப்பு அவளிடமே இருக்கும். இதை அழிக்கும்போதே ஒரு வரி சொன்னால் என்ன குறைந்துவிடும்?

இன்னொரு கொடுமை. அக்காவுக்குப் போக வேண்டியது மகளின் பெயர் ஒன்றுதான். Clear call log மொத்தத்தையும் வாரிக்கொண்டு போய்விட்டது. சேமிக்காமல் வைத்திருந்த மோட்டார் மெக்கானிக் நம்பரும் அதோடு காலி. வரியை அழுத்திப் பிடித்தால் அதை மட்டும் தேர்ந்தெடுத்துக் குப்பைத்தொட்டியில் போடலாம். ஆனால் இடையில் வேறு கால் வந்திருந்தால் ஒரே ஆளின் அழைப்புகள் இரண்டு மூன்று வரியாகச் சிதறிக் கிடக்கும், ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்க வேண்டும்.

சாதாரண கால் வேறு கதை. அது போனின் டயலரில் இருக்கிறது, வாட்ஸ்அப்பில் அழித்ததற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஐபோனிலோ தலைகீழ், வாட்ஸ்அப் கால்கூட டயலரின் Recents பட்டியலில் வந்து நிற்கும். இரண்டு இடத்தில் துடைக்க வேண்டும். டயலரில் துடைத்தாலும் சிம் கம்பெனியிடம் பதிவு இருக்கும். 2021 டிசம்பர் விதிப்படி அவர்கள் குறைந்தது 2 வருடம் வைத்திருக்க வேண்டும். சரி, அது சட்டம், அதில் எனக்குக் கோபமில்லை.

கோபமெல்லாம் இந்த ஆப்காரர்கள் மேல்தான். டெலிகிராமில் கால்களை அழிக்கும்போது எதிராளி பக்கமும் சேர்த்து அழிக்கவா என்று ஒரு டிக் பெட்டி கேட்கிறது. அவர்களால் முடிகிறது. சாட்டிலும் சேர்த்து அழிக்கவா என்று ஒரு பெட்டி வைக்க இவர்களுக்கு மட்டும் என்ன கேடு?